வினா 6: ஜீவனாம்சமும் குழந்தைகளின் பொறுப்பும் (மதிப்பெண் 15)

கயலும் செந்திலும் இந்துத் தம்பதியர். 11 வயது மகன், 4 வயது மகள். ஓராண்டாகப் பிரிந்து வாழ்கின்றனர். செந்தில் அடித்ததால் பிரிந்ததாகக் கயல் சொல்கிறார்; மருத்துவச் சான்று இல்லை. மகன் தந்தையிடமும் மகள் தாயிடமும் உள்ளனர். செந்திலின் நிகர மாத வருமானம் ரூ.80,000. பி.எட். படித்த கயல் டியூஷன் எடுத்து ரூ.9,000 ஈட்டுகிறார். செந்தில் மணமுறிவு கோரியுள்ளார். கயல் ஜீவனாம்சமும் இரு குழந்தைகளின் பொறுப்பும் கோருகிறார். தீர்வு கூறுக.

விடை:

மணமுறிவு மனு நிலுவையில் இருப்பதால் இந்துத் திருமணச் சட்டம் 1955, பிரிவு 24-இன் கீழ் இடைக்கால ஜீவனாம்சமும், பிரிவு 26-இன் கீழ் குழந்தைகள் பற்றிய உத்தரவும் அதே குடும்ப நீதிமன்றத்தில் கேட்கலாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 144 (பழைய கு.ந.ச. 125) தனி வழி. அங்கும் மனு செய்தால், முந்தைய உத்தரவை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

செந்திலின் எதிர்வாதம் இரண்டு. முதலாவது, பிரிவு 144-இன் கீழ் மனு செய்தால், தக்க காரணமின்றிப் பிரிந்த மனைவிக்குப் பிரிவு 144(4) ஜீவனாம்சத்தை மறுக்கிறது. செந்தில் அடித்ததாகக் கயல் சொல்கிறார், மருத்துவச் சான்று இல்லை. ஆனால் இது குற்ற வழக்கு விசாரணை அல்ல. நம்பத்தக்க சாட்சியம் இருந்தால் போதும். அவர் சாட்சியம் குறுக்கு விசாரணையில் நிலைக்காவிட்டால் இந்த வாதம் செந்திலுக்கு உண்மையாகவே உதவும்.

இரண்டாவது, "படித்தவர், சம்பாதிக்க முடியும்". சம்பாதிக்கும் தகுதி வேறு, சம்பாதிப்பது வேறு என்று ஷைலஜா எதிர் கொப்பண்ணா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ரூ.9,000 தொகையைக் குறைக்குமே தவிர, உரிமையை அழிக்காது. ரஜ்னேஷ் எதிர் நேஹா (2020) தீர்ப்பின்படி இருவரும் சொத்து, வருமானம் பற்றிய பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும்; தொகை மனு செய்த நாளிலிருந்தே கணக்கிடப்படும்.

குழந்தைகள் விஷயத்தில் பெற்றோரின் உரிமையைவிட நலனே முதன்மையானது (இந்து இளவர், காப்பாளர் சட்டம் 1956, பிரிவு 13). செந்தில் "இயற்கைக் காப்பாளர் நான்" என்பார். பிரிவு 6-இன்படி அது சரிதான். ஆயினும் அதே பிரிவு 5 வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. எனவே மகள் விஷயத்தில் கயலின் நிலை வலுவானது. மகன் பற்றித்தான் வழக்கு உண்மையில் கடினம். பள்ளி, நண்பர்கள், ஓராண்டுப் பழக்கம் ஆகியவை தந்தை பக்கம். உடன்பிறந்தவர்களைப் பிரிக்கக்கூடாது என்பது தாய் பக்கம். நீதிபதி சிறுவனைத் தனியே விசாரிக்கலாம். அவன் விருப்பம் கவனிக்கப்படும், கட்டுப்படுத்தாது. யாரும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா என்பதையும் பார்ப்பார்.

ஜீவனாம்சத்தையும் சந்திப்பையும் பேரமாக்குவது தேர்வு எழுதுவோர் அதிகம் தவறவிடும் இடம். பணம் தராததற்காகத் தந்தையின் சந்திப்பைத் தடுக்கவோ, மகளைக் காட்டாததற்காகப் பணத்தை நிறுத்தவோ முடியாது.

என் முடிவு: மகளுக்கு மாதம் ரூ.10,000, பிரிந்ததற்குக் கயல் கூறும் காரணம் ஏற்கப்பட்டால் அவருக்கு ரூ.15,000 நியாயமான மதிப்பீடு. மகள் தாயிடம். மகன் கல்வியாண்டு முடியும் வரை தந்தையிடம். வார இறுதிகளில் உடன்பிறந்தோர் இருவரும் மாறி மாறி இரு வீட்டிலும் சேர்ந்திருக்க வேண்டும். விடுமுறையைச் சரிபாதியாகப் பகிரலாம். சூழ்நிலை மாறினால் இரு தரப்பும் உத்தரவை மாற்றக் கோரலாம்.