பயர்வால் பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பு

வணக்கம். வெள்ளிக்கிழமையோடு நான் கிளம்புகிறேன், அதற்குள் இதை ஒருமுறை pfSense திரையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

முதலில் விருந்தினர் வைஃபை. விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும், முதலில் பொருந்துவதே செல்லும், அதனால் இந்த வரிசையை மாற்றவே கூடாது:

```
pass  192.168.30.0/24 -> 192.168.30.1 port 53
block 192.168.30.0/24 -> 192.168.0.0/16
pass  192.168.30.0/24 -> any
```

முதல் வரி கீழே போனால் டிஎன்எஸ் நின்றுவிடும், "நெட் வரலை" என்று ரிசப்ஷனிலிருந்து போன் வரும். மூன்றாவது மேலே போனால் விருந்தினர் யாரும் கணக்குப் பிரிவு சர்வரைத் தொடலாம், அதுதான் பெரிய ஆபத்து.

அலுவலக நெட்வொர்க் 192.168.10.0/24. டிஎச்சிபி .100 முதல் .199 வரை. அதற்கு வெளியே .11 முதல் .14 வரை பிரிண்டர்கள், .15 வருகைப்பதிவுக் கருவி, .20 சிசிடிவி ரெக்கார்டர், .25 கணக்கு சர்வர். ரெக்கார்டருக்கு இணையம் அடைத்திருக்கிறது. கேமரா போடுபவர் போர்ட் திறக்கச் சொல்வார், திறக்காதீர்கள், விபிஎன் வழியாகவே பார்க்கட்டும்.

வேன் பக்கம் 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 மூன்றும், போகான் பட்டியலும் தடையில் இருக்கின்றன. அப்புறம், எதை மாற்றினாலும் முதலில் config.xml பேக்கப் எடுங்கள், விதியின் விளக்கப் பெட்டியில் தேதியும் காரணமும் எழுதுங்கள். கடவுச்சொற்கள் மேலாளரிடம் மூடிய உறையில் உள்ளன, வாங்கியதும் மாற்றிவிடுங்கள்.