மேற்கூரை சோலார் மானியத்தை விடுவிக்கக் கோரி விண்ணப்பம்

10.04.2025

அனுப்புநர்:
க. முருகேசன்,
தென்னந்தோப்பு வீடு,
சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
மின்வாரியப் பிரிவு அலுவலகம்.

பொருள்: பி.எம். சூர்யகர் திட்டத்தில் அமைத்த 3.27 கிலோவாட் சோலார் – ஆய்வு அறிக்கையை போர்ட்டலில் ஏற்றி, மானியம் 78,000 ரூபாய் கிடைக்கச் செய்யக் கோருவது.

ஐயா, வணக்கம்.

எங்கள் வீட்டு மாடியில் 545 வாட் பேனல் 6, இன்வெர்ட்டர் 3 கிலோவாட், கடந்த நவம்பரில் அமைத்தோம். 07.01.2025 அன்று உங்கள் அலுவலகத்திலிருந்து வந்து பார்த்து, நெட் மீட்டரும் மாட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து கரண்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மார்ச் பில்லில் நான் வெளியே கொடுத்தது 238 யூனிட், வாங்கியது 146 யூனிட். ஆனால் pmsuryaghar.gov.in தளத்தில் மட்டும் என் விண்ணப்பம் ஆய்வு என்ற கட்டத்தைத் தாண்டவில்லை.

காரணம் எனக்குத் தெரியும், அதை மறைக்காமல் எழுதுகிறேன். பேனல் வந்து இறங்கிய அன்று, மேலே ஏற்றுவதற்கு முன் ஒன்றைத் தோப்புப் பக்கச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். மரத்திலிருந்து ஒரு நெற்று விழுந்தது. விழுந்தது ஒரு மூலையில்தான். ஆனாலும் கண்ணாடி முழுக்க உப்புக்கல் போல நொறுங்கி, ஃபிரேமுக்குள்ளேயே நின்றது. பொருத்தியவர்கள் பத்து நாளில் மாற்றுப் பேனல் கொண்டுவந்து போட்டார்கள். போர்ட்டலில் மட்டும் உடைந்த பேனலின் சீரியல் எண்ணையே பதிந்துவிட்டார்கள். ஆய்வுக்கு வந்த ஓவர்சியர் பேனலுக்கு அடியில் மல்லாந்து படுத்து, செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு ஸ்டிக்கராகப் படித்து, ஆறாவது எண் ஒத்துவரவில்லை என்று குறித்துக்கொண்டார். அவர் பார்த்தது சரிதான். எனக்கு அதில் வருத்தமில்லை.

பேனல் பொருத்திய நிறுவனத்தார் 03.02.2025 அன்று அந்த எண்ணைப் போர்ட்டலில் திருத்திவிட்டார்கள். திருத்தியது அப்படியே நிற்கிறது, அதைப் பார்த்து நீங்கள் ஒப்புதல் கொடுப்பது மட்டும் பாக்கி. மானியப் பணம் உங்கள் கையிலிருந்து வருவதில்லை, மத்திய அரசிடமிருந்து நேராக என் கணக்குக்கு வருவது என்று அறிவேன். ஆனால் உங்கள் ஆய்வு அறிக்கை ஏறினால்தான் வங்கி விவரம் கொடுக்கும் பக்கமே எனக்குத் திறக்கும். அதற்குப் பிறகு 30 நாளில் பணம் வரும் என்கிறார்கள். இப்போது அந்த முப்பது நாள் எண்ணவே தொடங்கவில்லை.

மொத்தச் செலவு 2,05,000 ரூபாய். அதில் 1,60,000 வங்கிக் கடன். மானியம் வந்ததும் கடனில் கட்டிவிடுவதாகக் கணக்குப் போட்டிருந்தேன். தேங்காய் விற்ற காசில்தான் இப்போது தவணை போகிறது.

இத்துடன் இணைத்துள்ளவை:

1. வேலை முடிப்பு அறிக்கை, நிறுவனத்தாரும் நானும் கையெழுத்திட்டது.

2. பேனல், இன்வெர்ட்டர் சீரியல் எண்களின் திருத்திய பட்டியல். மாற்றிய பேனலின் எண்ணுக்கு எதிரே சிவப்பு மையில் கோடிட்டிருக்கிறேன்.

3. பேனல்கள் ஆறும் உள்நாட்டு செல்லில் செய்தவை என்பதற்கான டி.சி.ஆர். சான்று. மாற்றுப் பேனலுக்குத் தனிச் சான்று வாங்கி வைத்திருக்கிறேன். மற்ற ஐந்துக்கும் ஒரே சான்றுதான்.

4. உடைந்த பேனலைத் திரும்ப எடுத்துப் போனதற்கும் புதியதை இறக்கியதற்குமான டெலிவரி சலான். உடைந்த பேனலின் போட்டோ.

5. எர்த்திங் சோதனை அறிக்கை. மூன்று குழி: டி.சி.க்கு ஒன்று, ஏ.சி.க்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. எங்கள் பக்கம் பாறை நிலம். முதல் குழி சரியாக வராமல் இரண்டாம் முறை தோண்டினார்கள். அறிக்கையில் உள்ளது இரண்டாம் அளவு.

6. 200 ரூபாய் முத்திரைத்தாளில் நெட் மீட்டர் ஒப்பந்தம், மீட்டர் சோதனை அறிக்கை.

7. நிறுவனத்தாருடன் செய்த ஒப்பந்தம், ஜி.எஸ்.டி. பில், வாரண்டி அட்டைகள்.

8. இடக்குறிப்போடு எடுத்த போட்டோ, பேனல் பக்கத்தில் நான் நிற்பது.

9. மார்ச் மாத மின்கட்டண பில், ஆதார் நகல், ரத்து செய்த காசோலை. பில்லிலும் வங்கியிலும் பெயர் எழுத்து மாறியிருந்ததை முன்பே சரிசெய்துவிட்டேன்.

எல்லாமே நகல்கள், மூலம் கையில் இருக்கிறது, கேட்டால் கொண்டுவந்து காட்டுகிறேன். மறுபடி மாடியேறிப் பார்க்க வேண்டுமென்றாலும் வாருங்கள். ஏணி வீட்டிலேயே உண்டு. காலை ஒன்பதுக்கு முன் வந்தால் தகடு சுடாது.

திருத்திய எண்ணைச் சரிபார்த்து, ஆய்வு அறிக்கையைப் போர்ட்டலில் ஏற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இன்னும் ஏதாவது தாள் குறைந்தால், இன்ன தாள் என்று எழுத்தில் தெரிவித்தால் போதும். வந்தபோதெல்லாம் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்வதில் எனக்குத்தான் பஸ் செலவு. இந்த விண்ணப்பத்தின் இரண்டாம் பிரதியில் தேதியிட்டு முத்திரை வைத்துத் தரவும் வேண்டுகிறேன். மலையாளம் பேசுவேன், எழுத வராது. அதனால் தமிழில் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
க. முருகேசன்