ஷார்ட் சர்க்யூட் ஆய்வுச் சுருக்கம்: அவிநாசி வட்டம், நூற்பாலை, 22 கேவி இணைப்பு

பெறுநர்: மில் பராமரிப்புத் தலைவர், பேனல் தயாரிப்பாளர், எலெக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர்

முதலில் முடிவு: மெயின் பேனலில் இப்போது இருக்கும் 36 கிலோ ஆம்பியர் எம்சிசிபிகள் புதிய டிரான்ஸ்ஃபார்மருக்குப் போதாது. எல்லாவற்றையும் 50 கிலோ ஆம்பியருக்கு மாற்றிய பிறகே சார்ஜ் செய்ய வேண்டும்.

பழைய 1000 கேவிஏ, 5% டிரான்ஸ்ஃபார்மர் இருந்தவரை 36 போதுமானதாக இருந்தது. அதை எடுத்துவிட்டு 1600 கேவிஏ, 22/0.433 கேவி, 6.25% வைக்கிறோம். மின்வாரியம் கொடுத்த ஃபால்ட் லெவல் 300 எம்விஏ. ஐஇசி 60909 முறைப்படி, மின்னழுத்தக் காரணி 1.05 வைத்துக் கணக்கிட்டால் மெயின் பஸ்பாரில் இபி வழியாக மட்டும் 32.5 கிலோ ஆம்பியர் வருகிறது. இதோடு நிறுத்தினால் 36 போதும் என்றே தோன்றும். ஆனால் ஃபால்ட் நடக்கும் நொடியில் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார்களும் மின்னோட்டத்தை உள்ளே தள்ளும். டிரைவ் இல்லாமல் நேரடியாக ஓடும் மோட்டார்களின் மொத்த மின்னோட்டம் 720 ஆம்பியர். அதன் ஐந்து மடங்கை அதே 1.05 காரணியால் பெருக்கினால் 3.8 கிலோ ஆம்பியர் கூடுகிறது. கூரை மேலுள்ள 500 கிலோவாட் சோலார் இன்வெர்ட்டர்கள் 0.8 தருகின்றன. ஆக மொத்தம் 37.1. உடுமலைப் பக்கம் உள்ள நம் காற்றாலை மின்வாரிய வலையில் சேர்வதால் அதைத் தனியாகக் கூட்டவில்லை.

நாளைக்கே துணை மின்நிலையத்தின் திறனைக் கூட்டினாலும் கவலையில்லை. இபி பக்கத்தை எல்லையற்ற வலிமை உடையதாக எடுத்துக்கொண்டாலும் 40.3 தான் வருகிறது. ஐம்பதைத் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணம். உச்ச மின்னோட்டம் சுமார் 86 கிலோ ஆம்பியர். 50 கிலோ ஆம்பியர் பிரேக்கரின் மூடும் திறன் 105. பஸ்பாரும் அதன் தாங்கிகளும் 50 கிலோ ஆம்பியர், 1 நொடி சோதனைச் சான்றோடு வர வேண்டும்.

| இடம் | ஃபால்ட் (கிலோ ஆம்பியர்) | பிரேக்கர் |
|---|---|---|
| 22 கேவி விசிபி | 7.9 | இருக்கும் 25 போதும் |
| மெயின் பேனல் இன்கமர் | 37.1 | 2500 ஆம்பியர் ஏசிபி, 50, 1 நொடி |
| மெயின் பேனல் ஃபீடர்கள் | 37.1 | எம்சிசிபி, 50 |
| ரிங் ஃபிரேம் பேனல் | 14.6 | எம்சிசிபி, 25 |

கழற்றும் 36 கிலோ ஆம்பியர் எம்சிசிபிகளை வீணாக்க வேண்டாம். ரிங் ஃபிரேம் பேனலில் தாராளமாகப் போடலாம். 85 மீட்டர் கேபிள் அங்கே ஃபால்டைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடுகிறது.

கேபிள்கள்: அலுமினியம், எக்ஸ்எல்பிஇ; கணக்கு I²t ≤ k²S², k = 94. ரிங் ஃபிரேம் ஃபீடரின் 240 சதுர மிமீ கேபிள் 37.1 கிலோ ஆம்பியரை 0.37 நொடி தாங்கும். எம்சிசிபி உடனடியாக டிரிப் ஆகும் வரை பிரச்சினை இல்லை. மேலுள்ள பிரேக்கரோடு ஒத்திசைவு வேண்டும் என்று யாராவது இதில் 0.4 நொடி தாமதம் வைத்தால் கேபிள் போய்விடும். தாமதத்தை இன்கமர் ஏசிபியில் மட்டும், 0.3 நொடிக்கு வையுங்கள்.

ஹியூமிடிஃபிகேஷன் பிளான்டுக்கு மெயின் பேனலிலிருந்து நேராகப் போகும் 35 சதுர மிமீ கேபிள்தான் எனக்குக் கவலை தருகிறது. அதன் தாங்கும் நேரம் 7.9 மில்லி நொடி, அதாவது அரைச் சுற்றுக்கும் குறைவு. சாதாரண பிரேக்கர் அதற்குள் திறக்காது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வகை எம்சிசிபிதான் வேண்டும். அது உள்ளே விடும் I²t மதிப்பு 1.08 × 10⁷ A²s-க்குக் கீழே இருப்பதைத் தயாரிப்பாளரின் வரைபடத்தில் பார்த்த பிறகே ஆர்டர் கொடுங்கள். அந்த அறை வரை பஞ்சுத் தூசி படிகிறது. கேபிள் உறை தீப்பிடித்தால் கேபிளோடு நிற்காது.

கழிவுநீர் பம்ப் ஃபீடரில் சிக்கல் நேரெதிர். 260 மீட்டர், 70 சதுர மிமீ, நியூட்ரல் பாதி அளவு. கடைசி முனையில் ஒரு ஃபேஸ் நியூட்ரலோடு சேர்ந்தால் 500 ஆம்பியர்தான் வரும். அங்குள்ள 125 ஆம்பியர் எம்சிசிபியின் காந்த டிரிப் 1250-ல் இருக்கிறது. அதற்கு இந்த ஃபால்ட் தெரியவே தெரியாது. எலெக்ட்ரானிக் ரிலீஸ் வைத்து 375 ஆம்பியர், 0.1 நொடி என்று அமையுங்கள். பம்ப் ஸ்டார்ட் ஆகும்போது இது டிரிப் ஆகாது. பூமிக் கசிவு அதைவிடச் சிறியதாக இருக்கலாம். எனவே சிபிசிடியுடன் எர்த் லீக்கேஜ் ரிலே கட்டாயம். ஈரத் தரையில் ஆட்கள் வேலை செய்யும் இடம் அது.

ஜெனரேட்டர்: 1010 கேவிஏ செட் முதல் கணத்தில் சுமார் 12 கிலோ ஆம்பியர் தரும், பிறகு மூன்று மடங்கு மின்னோட்டமான 4.2-ல் நிற்கும். அதன் 1600 ஆம்பியர் ஏசிபியை 3200 ஆம்பியரில் அமைக்க வேண்டும். இபி பக்க செட்டிங்கை அப்படியே நகலெடுக்கக் கூடாது. இபியும் ஜெனரேட்டரும் ஒருபோதும் சேர்ந்து ஓடாது என்ற அடிப்படையில்தான் மேலே உள்ள எல்லா எண்களும் நிற்கின்றன. சாவி இன்டர்லாக் வேலை செய்வதை இரண்டு ஷிஃப்ட் எலெக்ட்ரீஷியன்களும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மர் வந்ததும் பெயர்ப்பலகை இம்பிடன்ஸை எனக்கு அனுப்புங்கள். 6%-க்குக் குறைந்தால் திரும்பக் கணக்கிட்டுத் தருகிறேன்.