ரிசல்ட் எப்போன்னு கேட்காதீங்க

தேர்வு எழுதியவர்கள், எழுதியதாக நம்பிக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் வாங்க. ரிசல்ட் நாள் வரைக்கும் இந்தப் பக்கத்தில் வேறு பேச்சு கிடையாது. உங்களுக்குப் பொருந்தும் கேப்ஷனை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பொருந்தவில்லை என்றால் யாருக்குப் பொருந்துமோ அவனை டேக் செய்துவிடுங்கள்.

தேதி தெரியாத காலம்

தேர்வு முடிந்த அன்று: "சூப்பரா எழுதியிருக்கேன்."
ஒரு வாரம் கழித்து: "ஓரளவு எழுதியிருக்கேன்."
ஒரு மாதம் கழித்து: "எழுதியிருக்கேன்."
ரிசல்ட்டுக்கு முந்தின நாள்: "ஹாலுக்குப் போனது ஞாபகம் இருக்கு."

"முடிவுகள் வெளியாகும் தேதி பின்னர் அறிவிக்கப்படும்" என்று அதிகாரப்பூர்வ தளமே சொல்கிறது. அதை நம்பவில்லை. "நாளைக்கு வருதாம், எங்க அண்ணனோட ஃப்ரெண்டு சொன்னான்" என்பதை நம்பி ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அந்த ஃப்ரெண்டுக்கு யார் சொன்னது என்று விசாரித்தேன். என் வகுப்புப் பையன் சொன்னானாம். அவனுக்கு நான்தான் சொன்னேன்.

குரூப்பில் ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. தேதி இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, முத்திரைகூட இருக்கிறது. "தேர்வு முடிவுகள்" என்பதில்தான் எழுத்துப்பிழை. சரி, பிழையோடு எழுதுகிறவர்கள் உண்மை பேசக்கூடாதா? நானும் தேர்வில் அப்படித்தானே எழுதியிருக்கிறேன்.

தேர்வு முடிந்ததிலிருந்து மூச்சு விடாத குரூப்பில் இன்று 400 மெசேஜ். திறந்து பார்த்தால் பாதி "என்னடா ஆச்சு?", மீதி "தெரியலடா".

"நான் ஃபெயில்தான்டா" என்று அழுகிறான் வகுப்பில் முதல் ஆள். அவன் பயம், இரண்டு மார்க் குறைந்துவிடுமோ என்பது. அவன் தோளில் தட்டி ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறேன் நான். என்னுடைய மொத்த நம்பிக்கையே அந்த இரண்டு மார்க்தான்.

வீட்டிலேயே திருத்தும் பணி

கேள்வித்தாளை எடுத்து வைத்து, பென்சிலால் ஓரத்தில் மார்க் போட ஆரம்பித்தேன். ஐந்து மார்க் கேள்வி, முழுசாக எழுதினேன், ஐந்து. படம் போடவில்லை, நான்கு. படம் போட்டேன், ஆனால் அது வேறு கேள்விக்கு, மூன்று. திருத்துகிறவர் நல்ல மனநிலையில் இருந்தால் மறுபடி நான்கு. இப்படியே கடைசிவரை போய் மொத்தமாகக் கூட்டினேன். பாஸ்! சந்தேகம் வந்து மறுபடி கூட்டினேன். ஃபெயில். மூன்றாவது தடவை கூட்டினால் மூன்றாவது விடை வருகிறது. கணக்குப் பேப்பரிலும் இதைத்தானே செய்திருப்பேன் என்று அப்போதுதான் உறைத்தது.

ராத்திரி 2 மணிக்கு மூளை எழுப்பிக் கேட்கிறது: "அடிஷனல் ஷீட் நாலு வாங்கினியே, நாலையும் கட்டினியா?"

2:15-க்கு மறுபடி: "கட்டினே, சரி. நம்பர் போட்டியா?"

மார்ஜின் போட்டிருக்கிறேன். தலைப்புக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். முக்கியமான வரிகளுக்கு வேறு நிற மை. ஒரு பக்கம்கூடக் காலியாக விடவில்லை. பதில் எங்கே என்று மட்டும் கேட்காதீங்க சார்.

"கடவுளே, எப்படியாவது பாஸ் பண்ணிவிடு. பேப்பர் திருத்தியாச்சு, மார்க் ஏத்தியாச்சு, எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு எனக்கும் தெரியும். உனக்கு மட்டும் அது தெரியாத மாதிரி ஒரு உதவி."

இது கொஞ்சம் பெரிய கேப்ஷன், படிப்பாளிகள் மட்டும் படிக்கவும். அமெரிக்காவில் கேட் ஸ்வீனி என்று ஓர் உளவியலாளர் இருக்கிறார். வக்கீல் ஆவதற்கான தேர்வை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காக நான்கு மாதம் காத்திருந்தவர்களை அவருடைய குழு ஆராய்ந்தது. பதற்றத்தைக் குறைக்க அவர்கள் செய்து பார்த்த வித்தைகள் பெரிதாகப் பலிக்கவில்லை. ஆனால் நன்றாகக் கவலைப்பட்டுக் காத்திருந்தவர்கள் கெட்ட செய்தி வந்தபோது தாங்கிக்கொண்டார்கள், நல்ல செய்தி வந்தபோது கூடுதலாகக் குதித்தார்கள். ஆகவே, "அம்மா, நான் சும்மா உட்கார்ந்து நகம் கடிக்கவில்லை. ஆராய்ச்சிபூர்வமாகக் கடிக்கிறேன்."

சொந்தபந்தங்கள் சிறப்புப் பதிவு

என் பெயரையே தம்பி பெயரோடு குழப்பிக்கொள்ளும் சித்தப்பாவுக்கு என் பதிவெண் மனப்பாடம்.

பெரியம்மா: "என்னப்பா, ரிசல்ட் வரப்போகுதாமே?"
நான்: "ஆமா பெரியம்மா."
பெரியம்மா: "பயமா இருக்கா?"
நான்: "இல்ல பெரியம்மா."
பெரியம்மா: "இருக்கணுமேப்பா."

"மார்க் எவ்வளவு வந்தாலும் பரவாயில்ல கண்ணு" என்றார் அம்மா. நெகிழ்ந்துபோய், "எவ்வளவு வந்தாலும்னா, எவ்வளவு வரைக்கும்மா?" என்று கேட்டுவிட்டேன். பரவாயில்லை வாபஸ்.

அப்பா எதுவுமே கேட்கவில்லை. செய்தித்தாள் படிக்கிறார். அரைமணி நேரமாக ஒரே பக்கம். அந்தப் பக்கம் முழுவதும் ஒரே ஒரு விளம்பரம்தான்.

இந்த அப்பா கேப்ஷனுக்குத்தான் இன்பாக்ஸில் "எங்க வீட்டில் கேமரா வச்சிருக்கீங்களா அட்மின்?" என்று கேட்டிருக்கிறார்கள். வைக்கவில்லை. எல்லா வீட்டு அப்பாவுக்கும் அதே விளம்பரம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம், ஜோக்குக்கு நடுவே ஒரு வார்த்தை. யாருக்காவது நிஜமாகவே தாங்க முடியவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, தூக்கம் இல்லை என்றால், மீம் பார்ப்பதை விட்டுவிட்டு வீட்டில் ஒருவரிடமோ நண்பனிடமோ வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். சரி, தொடருவோம்.

முந்தின ராத்திரி

தேர்வு அன்றைக்கு மூன்று தடவை அடித்தும் என்னை எழுப்ப முடியாத அலாரத்தை, இன்றைக்கு நான் போய் எழுப்பினேன்.

மொபைல் சார்ஜ்: 100 சதவீதம்.
நம்பிக்கை: 4 சதவீதம், பவர் சேவிங்கில்.

"தூங்கிட்டியா?"
"இல்ல."
"பயமா?"
"சேச்சே."
"எனக்கும் இல்ல."
இரண்டு பேரும் விடியும்வரை ஆன்லைன்.

கனவில் ரிசல்ட் வந்தது. எல்லாப் பாடத்திலும் நூறு. கனவிலேயே எனக்குச் சந்தேகம் வந்து, பதிவெண்ணைச் சரிபார்த்தேன். வேறு ஒருவனுடையது.

பழைய சீனாவில் அரசாங்கத் தேர்வு முடிவைப் பட்டியலாக எழுதி எல்லோரும் பார்க்கும்படி வெளியே ஒட்டுவார்கள். அந்தத் தேர்வு முறையை 1905-இல் ஒழிக்கும்வரை தலைமுறை தலைமுறையாகக் கூட்டத்தில் முண்டியடித்துத் தங்கள் பெயரைத் தேடினார்கள். சர்வர் டவுன் என்ற பேச்சே கிடையாது. முன்னால் நிற்கிறவனின் தலைதான் ஒரே தடங்கல். திரும்பத் திரும்ப எழுதி, தலை நரைத்த பிறகும் பெயர் தேடிக்கொண்டிருந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் உண்டு. அரியர் வைத்திருக்கும் அண்ணன்மார்களே, இந்தக் கேப்ஷன் உங்களுக்குத்தான்.

சர்வரும் நானும்

ஒரு பொது அறிவு. 503 Service Unavailable என்று வந்தால் சர்வரால் இப்போதைக்கு முடியவில்லை என்று அர்த்தம். 504 Gateway Timeout என்றால், "இரு, உள்ளே கேட்டுச் சொல்றேன்" என்று போன சர்வருக்கு உள்ளேயிருந்து பதிலே வரவில்லை. 404 Not Found என்றால் அப்படி ஒரு பக்கமே அங்கே இல்லை. இதில் எனக்கு மிகவும் பிடித்தது 503. அது திரையில் இருக்கும்வரை நான் ஃபெயில் ஆகவில்லை.

எல்லோரும் ஒரே நேரத்தில் விடாமல் ரெஃப்ரெஷ் அழுத்துவதால்தான் தளம் படுத்துவிடுகிறது. கொஞ்சம் பொறுமையாக இருந்தால் எல்லோருக்கும் திறக்கும். அதனால் நீங்கள் எல்லோரும் பொறுமையாக இருங்கள். நான் மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.

கேப்ட்சாவில் இருப்பது O என்ற எழுத்தா, 0 என்ற எண்ணா? தேர்வில் இவ்வளவு நேரம் எந்தக் கேள்வியையும் நான் உற்றுப் பார்க்கவில்லை.

DD/MM/YYYY என்று கேட்கிறது. என் பிறந்த தேதியைப் போட்டேன். தவறு என்றது. மறுபடி போட்டேன். தவறு என்றது. அம்மா சான்றிதழைத் தேடி உள்ளே ஓடினார். "பிறந்ததே தவறு" என்று அப்பா சொல்லவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

"பதிவெண் அனுப்புடா, எனக்கு இங்கே திறக்குது" என்கிறான் நண்பன். அனுப்பிவிட்டேன். கவலையில்லை. இதுவரை ஒரு பிறந்தநாளுக்கும் வாழ்த்துச் சொல்லாதவன், பிறந்த தேதிக்கு எங்கே போவான்?

நெட் கிடைக்கவில்லை என்று மாடிக்குப் போனேன். அங்கே ஏற்கெனவே எதிர்வீட்டுப் பையன் அவன் மாடியில் போனைத் தூக்கிப் பிடித்து நிற்கிறான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "சும்மா காத்து வாங்க வந்தேன்" என்றான். நானும் அதற்குத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டேன்.

திறந்துவிட்டது! மேலே என் பெயர், அப்பா பெயர், பள்ளியின் பெயர், எல்லாம் வந்துவிட்டது. மார்க் வரவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. யார் பெற்ற பிள்ளை என்பதில் இந்தத் தளத்துக்குச் சந்தேகமே இல்லை.

திரையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்குகிறேன். மொழிப்பாடம், சரி. ஆங்கிலம், சரி. வேதியியல், அட! அடுத்தது இயற்பியல். விரல் நகர மறுக்கிறது. பின்னாலிருந்து அக்கா எட்டிப் பார்த்து, "விரலை எடுடா, எனக்குத் தெரியல" என்கிறாள். எனக்குத் தெரியக்கூடாது என்றுதானே அக்கா வைத்திருக்கிறேன்.

ஸ்டேட்டஸ் இரண்டு முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். பாஸ் ஆனால், "கடின உழைப்புக்குக் கிடைத்த வெற்றி." இல்லையென்றால், "மதிப்பெண் ஒரு மனிதனைத் தீர்மானிப்பதில்லை." கை நடுக்கத்தில் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிட்டேன். ரிசல்ட் இன்னும் வரவில்லை. 63 லைக் வந்திருக்கிறது. சித்தப்பா "வாழ்த்துகள்" என்று போட்டிருக்கிறார், தம்பியை டேக் செய்து.