ஆயில் சீல் திருப்பிப் பொருத்தப்படுவதைத் தடுப்பதற்கான முன்மொழிவு

பெறுநர்: ஆலை மேலாளர்
அனுப்புநர்: உற்பத்திப் பொறியியல் பிரிவு
நாள்: 12.08.2025

ஐயா,

வார்ம் கியர்பாக்ஸ் வரிசையின் நான்காம் நிலையத்தில் 35 × 52 × 7 ஆயில் சீல் திருப்பிப் பொருத்தப்பட்டதால், கடந்த மூன்று மாதங்களில் பதினொரு கியர்பாக்ஸ்கள் எண்ணெய்க் கசிவுடன் திரும்பி வந்துள்ளன. ஸ்பிரிங் தெரியும் பக்கம் எண்ணெயை நோக்கி உள்ளேயும், தட்டையான பக்கம் வெளியேயும் இருக்க வேண்டும். மாறிப்போனாலும், எண்ணெய் நிரப்பி நிறுத்திவைத்துப் பார்க்கும் நம் சோதனையில் அந்தச் சீல் தேறிவிடுகிறது. ஷாஃப்ட் சுழன்று பெட்டி சூடாகிய பிறகே, அதாவது வாடிக்கையாளரின் இடத்தில்தான், ஒழுகத் தொடங்குகிறது.

இரண்டாம் ஷிஃப்டில் இரண்டு நாள் அந்த நிலையத்தின் அருகே நின்று கவனித்தேன். தட்டில் குவியலாகக் கிடக்கும் சீல்களில் ஒன்றை எடுத்துக் கிரீஸ் தடவியதும் ஸ்பிரிங் இருக்கும் பள்ளம் மூடிக்கொள்கிறது. அதன் பிறகு இரு பக்கமும் ஒரே கறுப்பாகத் தெரிகின்றன. அனுபவமுள்ளவர்கள் கட்டைவிரலால் தடவிப் பக்கத்தை அறிகிறார்கள். ஒரு ஷிஃப்டில் இருநூறு முறை செய்யும் வேலையில் விரல் ஒருமுறை ஏமாறுவதைக் குற்றமாகக் கருத முடியாது. திரும்பி வந்தவை இரு ஷிஃப்டுகளிலும் மூன்று வெவ்வேறு பணியாளர்கள் கையால் பொருத்தப்பட்டவை என்பதால், யாருக்கும் விளக்கக் கடிதம் கேட்பதில் பயனில்லை.

சீலின் ஒரு பக்கத்தில் மஞ்சள் புள்ளி வைக்கலாம், எச்சரிக்கைப் பலகை மாட்டலாம் என்ற யோசனைகள் வந்தன. இரண்டும் பணியாளரின் கண்ணையும் கவனத்தையுமே நம்புகின்றன. புள்ளியையும் கிரீஸ் மறைத்துவிடும். 1961இல் ஷிகியோ ஷிங்கோ, ஸ்விட்சுக்குள் சிறு ஸ்பிரிங் வைக்க மறந்துபோவதைத் தடுக்க, இரண்டு ஸ்பிரிங்குகளையும் முதலில் ஒரு கிண்ணத்தில் எடுத்துவைத்துவிட்டுப் பொருத்தச் செய்தார். கிண்ணத்தில் ஒன்று மிஞ்சினால் தவறு அங்கேயே தெரிந்துவிடும். போகா-யோகே என்று பின்னர் பெயர் பெற்ற இம்முறையில், நினைவில் வைக்க வேண்டிய சுமை பணியாளரிடமிருந்து பொருளுக்கு மாறுகிறது.

வழிகாட்டும் பின் ஒன்றை வைத்தால் போதும் என்ற கருத்தையும் நான் ஏற்கவில்லை. 2013 ஜூலை 2ஆம் தேதி பைகோனூரிலிருந்து கிளம்பிய புரோட்டான் ராக்கெட், கோணவேக உணரிகள் தலைகீழாகப் பொருத்தப்பட்டதால் கட்டுப்பாடிழந்து விழுந்து நொறுங்கியது. சரியான திசையைக் காட்டும் அம்புக்குறியும் பின்களும் இருந்தும், அவை வலிந்து உள்ளே திணிக்கப்பட்டிருந்தன. நம்மிடம் இருப்பது ரப்பர் சீலும் மூன்று டன் ஹைட்ராலிக் பிரஸ்ஸும். எந்தப் பின்னையும் அது நசுக்கிவிடும். ஆகவே சரிபார்ப்பு விசை கொடுப்பதற்கு முன்பே நடக்க வேண்டும், பிரஸ்ஸை நகரவிடாமல் நிறுத்தவும் வேண்டும்.

இதற்கு நான் பரிந்துரைப்பது, பஞ்சின் முகத்தில் சீலின் பள்ளம் வரும் ஆரத்தில், ஸ்பிரிங்கால் வெளியே தள்ளப்பட்ட மூன்று மெல்லிய ஊசிகள். பஞ்ச் மெல்ல இறங்கிச் சீலைத் தொடும்போது தட்டையான பக்கம் மேலே இருந்தால் மூன்று ஊசிகளும் உள்ளே தள்ளப்பட்டு அருகுணர் சென்சார்கள் சமிக்ஞை தரும். அதன் பிறகே ரிலே முழு விசைக்கு அனுமதிக்கும். ஸ்பிரிங் பக்கம் மேலே இருந்தால் ஊசிகள் பள்ளத்தில் இறங்கி நின்றுவிடும். சமிக்ஞை வராததால் பஞ்ச் திரும்ப மேலேறும். சீலே வைக்கப்படவில்லை என்றாலும் இதே காரணத்தால் பிரஸ் நின்றுவிடும். இது எதிர்பாராத கூடுதல் பலன். ஊசி கிரீஸில் சிக்கி உள்ளேயே நின்றுபோனால் எப்போதும் "சரி" என்று பொய் சொல்லும் ஆபத்து உண்டு. எனவே ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் மூன்று ஊசிகளும் வெளியே இருப்பதை ரிலே உறுதிசெய்தால்தான் பஞ்ச் இறங்க வேண்டும்.

துணையாக, சீல்களைக் குவியலாக அனுப்பாமல் ஒரே திசையில் அடுக்கிய குழாய்களில் அனுப்புமாறு விற்பனையாளரிடம் கேட்கலாம். ஒவ்வொரு கியர்பாக்ஸையும் பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பது வரிசையின் வேகத்திற்கு ஒத்துவராது.

பஞ்சை நம் டூல்ரூமிலேயே செய்துகொள்ளலாம். சென்சார், ரிலே உட்பட ரூ. 18,000 ஆகும். அனுமதி கிடைத்தால் இரண்டு வாரங்களில் பொருத்தி, ஒவ்வொரு ஷிஃப்டின் தொடக்கத்திலும் சிவப்பு வண்ணம் பூசிய மாதிரிச் சீலைத் திருப்பி வைத்துப் பிரஸ் மறுக்கிறதா என்று சோதித்து, முடிவை நிலையப் பதிவேட்டில் மேற்பார்வையாளர் கையொப்பமிடும்படி ஏற்பாடு செய்கிறேன்.