குழு மருத்துவக் காப்பீடு: சேர்க்கைக் கையேட்டுக்கு ஒரு விளக்கம்

அன்புள்ள பணியாளர்களுக்கு,

சேர்க்கைக் கையேடு 32 பக்கம். பலர் கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கையெழுத்திட்டு அனுப்பிவிடுவது எங்களுக்குத் தெரியும். அப்படிச் செய்தவர்கள்தான் பிறகு மருத்துவமனைப் பில்லோடு எங்கள் மேசைக்கு வருகிறார்கள். ஆகவே இதையாவது படித்துவிடுங்கள்.

காப்பீட்டுத் தொகை ஆண்டுக்கு 5 லட்சம். இது தலைக்கு 5 லட்சம் அல்ல. நீங்கள், துணைவர், பிள்ளைகள் என எல்லோருக்கும் பொதுவான ஒரே தொகை. மனைவியின் அறுவை சிகிச்சைக்கு 4 லட்சம் போனால், அந்த ஆண்டு முழுவதற்கும் மிஞ்சுவது 1 லட்சம்தான்.

அறை வாடகை வரம்பை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு 5,000 வரைதான். 10,000 வாடகை அறையை எடுத்தால் கூடுதல் வாடகையை மட்டும் கட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவற்றிலும் அதே விகிதத்தில் பாதி வெட்டப்படும். மருந்துக்கும் உடலில் பொருத்தும் கருவிகளுக்கும் இந்த வெட்டு கிடையாது.

சார்ந்தோர் பட்டியலில் துணைவரையும் 25 வயதுக்கு உட்பட்ட இரண்டு பிள்ளைகளையும் சேர்க்கலாம். உடன்பிறந்தோருக்கு இடமில்லை. பெற்றோர் அல்லது மாமனார், மாமியார், இரண்டில் ஒரு இணையைத்தான் தேர்ந்தெடுக்கலாம். இங்கிருந்து ஒருவர், அங்கிருந்து ஒருவர் என்று கலக்க முடியாது. வீட்டில் பேசி முடிவெடுங்கள், அதில் நாங்கள் தலையிட மாட்டோம். அவர்களுக்குத் தனியாக 3 லட்சம். பிரீமியம் உங்கள் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும். ஏற்கத்தக்க ஒவ்வொரு பில்லிலும் 20 சதவீதம் உங்கள் பங்கு. பழைய சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்குக் காத்திருப்புக் காலம் இல்லை என்பதால், வயதான பெற்றோர் உள்ளவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு.

ஆண்டின் நடுவே திருமணமோ குழந்தைப் பிறப்போ நிகழ்ந்தால் 30 நாட்களுக்குள் பெயரைப் பதிவுசெய்யுங்கள். தானாக எதுவும் சேராது.

டாப்-அப், சூப்பர் டாப்-அப் இரண்டும் ஒன்றல்ல. இரண்டுமே 5 லட்சத்துக்கு மேற்பட்ட செலவுக்குத்தான். ஆனால் சாதாரண டாப்-அப் ஒவ்வொரு சிகிச்சையையும் தனித்தனியாகப் பார்க்கும். சூப்பர் டாப்-அப் ஆண்டின் மொத்தச் செலவைக் கூட்டிப் பார்க்கும். ஒரே ஆண்டில் 4 லட்சம் வீதம் இருமுறை செலவானதாக வைத்துக்கொள்வோம். எந்தச் சிகிச்சையும் தனியாக 5 லட்சத்தைத் தாண்டாததால் சாதாரண டாப்-அப் ஒன்றும் தராது. சூப்பர் டாப்-அப் மீதி 3 லட்சத்தைத் தரும். பிரீமியம் சற்றுக் கூடுதல்தான். என் வீட்டுக்கு நான் அதைத்தான் எடுத்திருக்கிறேன்.

வேலையை விட்டு விலகினால் குழுக் காப்பீடும் அதன் வழியாக எடுத்த டாப்-அப்பும் கடைசிப் பணிநாளோடு முடிந்துவிடும்.

படிவம் இம்மாதம் 20 ஆம் தேதி மாலை 6 மணிக்குள் வந்து சேர வேண்டும். பெயரும் பிறந்த தேதியும் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். ஓர் எழுத்து மாறினாலும் மருத்துவமனை வரவேற்பறையில் அலைக்கழிய நேரும்.

மனிதவளத் துறை