ஆச்சியின் கணக்கு

ஆடிக் கடைசி வெள்ளி. எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கொடை. சாமக்கொடை முடிந்து, மகுடம் அடித்த கணியான்கள் துணி விரித்துப் படுத்த பிறகுதான் நான் வீட்டுக்கு வந்தேன். திண்ணையில் தாத்தா உட்கார்ந்திருந்தார். கொடை இரவில் அவர் கோயில் பக்கம் போவதில்லை. பூடத்தின் முன்னால் சுருட்டும் சாராயமும் படையலில் இருக்கும். அந்த வாடை காற்றில் வந்தால் எழுந்து பின்வாசலுக்குப் போய்விடுவார்.

நான் மூச்சை அடக்கிக்கொண்டு அவரைத் தாண்டி உள்ளே போனேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

விடிவதற்கு முன்பே என் காலைத் தட்டி எழுப்பினார். "ஏலே, எழுந்திரு. கால்வாய் வரைக்கும் போய்விட்டு வருவோம்."

சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் விளைகிற ஊர் எங்களுடையது. தாத்தாவுக்கு நாற்பது வருடம் நீர்ப்பாய்ச்சி வேலை. எந்த வயலுக்கு எப்போது மடை திறக்க வேண்டும், யாருடைய முறை எத்தனை நாழிகை என்று எல்லாமே அவர் தலைக்குள் இருந்தது. இப்போது வேலை இல்லை. ஆனாலும் காலையில் ஒருமுறை மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையைப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பார்.

கரையில் உட்கார்ந்தோம். கார் நெல் பொதி கட்டி நின்றது. தலைவலியில் எனக்குப் பச்சை நிறமே கண்ணைக் குத்தியது.

"எவ்வளவு குடித்தாய்?"

"இரண்டு கிளாஸ், தாத்தா."

அவர் மடியை அவிழ்த்துச் சில்லுக்கருப்பட்டி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். தானும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். பதினோரு வருடமாக அந்த மடியில் சில்லுக்கருப்பட்டி இல்லாமல் அவர் வெளியே இறங்கியதில்லை. சுக்கின் காரமும் இனிப்பும் நாக்கில் இருக்கும்வரை ஆசையைத் தள்ளிப்போட முடியும் என்பார்.

"நான் ரத்தம் கக்கிய ராத்திரி உனக்கு நினைவிருக்கிறதா?"

இருந்தது. 2014 கார்த்திகை. எனக்கு ஒன்பது வயது. முற்றத்தில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டியது போலக் கறுப்பாக ஏதோ கிடந்தது. ஆச்சி அதன்மேல் சாம்பலைத் தூவிக்கொண்டிருந்தாள். அப்பா 108-க்குப் போன் செய்து, தேரடியில் நின்று கையைக் காட்டினார். என்னைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். மீதியை நான் அறிந்ததில்லை.

"டாக்டர் எனக்கு விளங்குகிற மாதிரி சொன்னார். ஈரல் கட்டிப்போய்விட்டதாம். அதற்குள் போக வேண்டிய ரத்தத்துக்கு வழியில்லை. வழியில்லாத தண்ணீர் என்ன செய்யும்?"

"கரையை உடைக்கும்."

"உடைத்தது. உணவுக்குழாயில் இருக்கிற சின்ன ரத்தக் குழாய்களில் போய் ஏறி, அவை வீங்கி, ஒன்று வெடித்துவிட்டது. தொண்டை வழியாகக் குழாயை விட்டு, ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார்கள். நாற்பது வருடம் கால்வாயில் தூர் சேராமல் பார்த்தவன், என் வயிற்றுக்குள் இருந்த கால்வாயை நானே தூர்த்துவிட்டேன்."

ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூன்றாம் நாள் ராத்திரிதான் பெரிய கொடுமை. குடி நின்றதும் கை நடுங்கியது. பிறகு கண்ணில் இல்லாததெல்லாம் தெரிந்தது. ஆஸ்பத்திரித் தரையில் தண்ணீர் ஏறுகிறது என்று கத்தினேன். 'மடைப்பலகையைப் போடுங்கள், பலகையைப் போடுங்கள்' என்று கட்டிலை விட்டு இறங்கி ஓடப் பார்த்தேன். உன் அப்பன்தான் என் இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு கட்டினான். கட்டிக்கொண்டே அழுதான். பல வருடமாகக் குடிக்கிறவன் வீட்டில் தானாகச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாம். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து மெதுவாக இறக்க வேண்டுமாம். டாக்டர் இதைச் சொன்னதால்தான் ஊரில் யார் நிறுத்த நினைத்தாலும் நான் முதலில் அங்கே கூட்டிப்போகிறேன்."

"அந்தப் பயத்தில்தான் விட்டீர்களா?"

"பயம் ஒரு மாதம் இருக்கும், ஏலே. உடம்பு தேறியதும் பயம் போய்விடும். என்னோடு அதே வார்டில் கிடந்தவர்கள் அப்படித்தான் திரும்பிப் போனார்கள். நான் விட்டது அதற்கு முன்னாலேயே, ஆம்புலன்சில்."

கருப்பட்டியை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார்.

"ஆம்புலன்சில் வந்த பையன் உன் ஆச்சியிடம் கேட்டான், தினமும் குடிப்பாரா, எவ்வளவு, எத்தனை வருடமாக என்று. தெரியாது என்று சொல்வாள் என நினைத்தேன். ஏனென்றால் அவளுக்குத் தெரியாமல்தானே குடித்தேன்? பாட்டிலை வைக்கோல் படப்புக்குள் செருகி வைப்பேன், வெற்றிலை போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வருவேன். அவள் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள். காலையில் மடைக்குப் போகும் முன்னால் ஒரு குவார்ட்டர், இருட்டிய பிறகு அரை பாட்டில், கொடைக்கும் பொங்கலுக்கும் கணக்கில்லை. இருபத்திரண்டு வருடம். 1992-இல் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்ததே, அந்த ராத்திரியிலிருந்து."

"சரியா, தாத்தா?"

"எனக்கே அது மறந்துபோயிருந்தது. அந்த ராத்திரி கரையில் இடுப்பளவுத் தண்ணீரில் மணல்மூட்டை அடுக்கினோம். குளிருக்கு என்று ஒருவன் பிராந்தி கொடுத்தான். அதுதான் முதல் தடவை. விடிகாலையில் வந்து அவளிடம் கஞ்சி வாங்கிக் குடித்தேன். அவள் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்து, இருபத்திரண்டு வருடம் எண்ணியிருக்கிறாள். சண்டை போட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். ஆம்புலன்சில் அவள் குரலில் கோபம்கூட இல்லை. ரேஷன் கடையில் எத்தனை கிலோ என்று சொல்கிற மாதிரி சொன்னாள். ஊர்த் தண்ணீருக்கெல்லாம் கணக்கு வைத்தவன் நான். என் கணக்கை ஒருத்தி வைத்திருக்கிறாள் என்பது தெரியாமல் இருந்திருக்கிறேன்."

அவர் குரல் அடைத்தது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"வந்த பிறகு ஒருநாள் கேட்டேன், பாட்டிலெல்லாம் என்ன செய்தாய் என்று. வைக்கோல் வாங்க வருகிறவன் கண்ணில் பட்டால் மானம் போகுமே என்று, ஒவ்வொன்றாக உருவி, பழைய இரும்புக்காரனிடம் போட்டிருக்கிறாள். நீ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது சிலேட்டு வாங்கியது அந்தக் காசில்தான்."

அந்தச் சிலேட்டு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு மூலை உடைந்து, வெகுநாள் பரணில் கிடந்தது. அதில்தான் ஆச்சி என் கையைப் பிடித்து 'அ' எழுத வைத்தாள்.

"உன்னைக் குடிக்காதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை," என்றார். "நடந்ததைச் சொல்லிவிட்டேன்."

மண்வெட்டியை ஊன்றி எழுந்தார். நான் கை கொடுத்தேன். அந்தக் கை இப்போது நடுங்குவதில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஆச்சி முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் கருப்பட்டிக் காபி கொதிக்கும் மணம். அவள் நிமிரவில்லை. நான் அவள் எதிரில் குந்தி உட்கார்ந்தேன்.

"ஆச்சி, நேற்று நான் இரண்டு கிளாஸ் குடித்தேன்."

சுளகு நிற்கவில்லை. உமியை ஒரு பக்கமாகத் தள்ளி, ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

"மூன்று," என்றாள்.